கைப்பேசி வீடியோவைச் சாதாரண டிவியில் பார்ப்பது எப்படி: எந்த வழி எதற்குப் பொருந்தும்?

மேற்கு மாம்பலத்தில் என் பெரியம்மா வீட்டுக் கூடத்தில் இருப்பது 2014-இல் வாங்கிய 32 அங்குல எல்இடி டிவி. அது ஸ்மார்ட் டிவி அல்ல. பின்புறம் இரண்டு எச்டிஎம்ஐ துளைகளும், பக்கவாட்டில் ஒரு யுஎஸ்பி துளையும், மஞ்சள், சிவப்பு, வெள்ளை என மூன்று ஏவி துளைகளும் உண்டு. திரை 1366 × 768 புள்ளிகள் கொண்டது. படம் இன்றும் தெளிவாக இருப்பதால், புது டிவி வாங்கும் பேச்சை எடுத்தாலே பெரியப்பா எழுந்து உள்ளே போய்விடுவார். பேத்தியின் ஐபோனில் இருக்கும் நிச்சயதார்த்த வீடியோ, யூடியூபில் வரும் கச்சேரிகள், சந்தா கட்டிய ஓடிடி செயலியில் வரும் தொடர் ஆகிய மூன்றையும் அந்த டிவியிலேயே பார்க்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்டது.

இந்த மூன்றுக்கும் ஒரே வழி போதும் என்று நினைத்துத்தான் நானும் தொடங்கினேன். அது தவறு என்று புரிய இரண்டு வாரமும், வீணாகப் போன ஒரு கேபிளும் தேவைப்பட்டன. எந்தக் கருவியை வாங்குவது என்று பார்ப்பதற்கு முன்னால், வீடியோ எங்கிருந்து கிளம்பி எந்தப் பாதையில் டிவிக்கு வருகிறது என்பதைப் பார்த்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

ஒரே பெயரில் இரண்டு வேலைகள்

டிவிக்கு அனுப்புவது என்று நாம் பொதுவாகச் சொல்வது உண்மையில் இரண்டு வெவ்வேறு செயல்கள். முதலாவது மிரரிங். கைப்பேசித் திரையில் என்ன தெரிகிறதோ அதை நொடிக்குப் பல முறை படமெடுத்து, சுருக்கி, வைஃபை வழியாக டிவியில் செருகிய டாங்கிளுக்குக் கைப்பேசி அனுப்பிக்கொண்டே இருக்கும். திரை அணைந்தால் படமும் நின்றுவிடும். அழைப்பு வந்தால் அது டிவியிலும் தெரியும். குடும்பமே கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது வாட்ஸப்பில் வரும் செய்தியின் முதல் வரி 32 அங்குலத்தில் தெரிவதன் சங்கடத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது காஸ்டிங். இதில் கைப்பேசி வீடியோவையே அனுப்புவதில்லை. இந்த முகவரியில் இருக்கும் வீடியோவை நீயே எடுத்துக்கொள் என்ற தகவலை மட்டும் டிவியில் செருகிய ஸ்டிக்குக்குக் கொடுக்கிறது. ஸ்டிக் ரௌட்டர் வழியாக நேரடியாக இணையத்திலிருந்து வீடியோவை இழுத்துக்கொள்கிறது. கைப்பேசி வெறும் ரிமோட்டாக மாறிவிடுகிறது.

உங்கள் வீட்டில் நடப்பது இவற்றில் எது என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. டிவியில் வீடியோ ஓடும்போது கைப்பேசியின் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தித் திரையை அணையுங்கள். படம் தொடர்ந்து ஓடினால் அது காஸ்டிங், நின்றுபோனால் மிரரிங். வேலைச்சுமை யார் தலையில் விழுகிறது என்பதையும் இதே சோதனை காட்டிவிடும். அரை மணி நேர மிரரிங்குக்குப் பிறகு கைப்பேசி சுடுவதற்கும், பேட்டரி சரசரவென்று இறங்குவதற்கும் காரணம் இதுதான்.

மிரரிங் டாங்கிள்: மலிவு, ஆனால் எல்லை குறுகியது

ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தக் கடையில் கேட்டாலும் முதலில் எடுத்துக் காட்டப்படுவது மிராகாஸ்ட் முறையில் இயங்கும் சிறு டாங்கிள்தான். மிராகாஸ்ட் என்பது 2012-இல் வைஃபை அலையன்ஸ் கொண்டுவந்த தரநிலை. இதற்கு வீட்டில் இணையமோ ரௌட்டரோ தேவையில்லை. கைப்பேசியும் டாங்கிளும் தங்களுக்குள் நேரடியாக வைஃபை இணைப்பை ஏற்படுத்திக்கொள்கின்றன. பிராட்பேண்ட் இல்லாத வீட்டில் புகைப்படங்களைக் காட்டுவதற்கு இது போதும்.

சாம்சங் கைப்பேசிகளில் இந்த வசதி Smart View என்ற பெயரில் இருக்கும். மற்ற நிறுவனங்கள் வேறு பெயர்களில் தருகின்றன. கூகுளின் பிக்ஸல் கைப்பேசிகளில் மிராகாஸ்ட் இல்லை. ஐபோனிலும் இல்லை. ஐபோனுக்கும் வேலை செய்யும் என்று பெட்டியில் அச்சிட்ட டாங்கிள்கள் ஆப்பிளின் சொந்த முறையான ஏர்ப்ளேயைப் போல நடித்துத்தான் இணைகின்றன. அந்த நடிப்பு சில நேரம் பலிக்கும், ஐஓஎஸ் புதுப்பிப்புக்குப் பிறகு பலிக்காமலும் போகலாம்.

இந்த வழியின் பெரிய எல்லை ஓடிடி செயலிகள். பல கட்டணச் செயலிகள் தங்கள் திரையை நகலெடுக்க விடுவதில்லை. அதனால் டிவியில் ஒலி மட்டும் வரும், படம் இருக்க வேண்டிய இடம் கறுப்பாக நிற்கும். கேபிள் சரியாகச் செருகவில்லை என்று நினைத்து நான் ஒரு மணி நேரம் அதையே கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். ஒலி வந்து படம் மட்டும் வராமல், அதே நேரத்தில் கைப்பேசியின் முகப்புத் திரை டிவியில் ஒழுங்காகத் தெரிந்தால், அது பதிப்புரிமைத் தடை என்று உறுதியாகக் கொள்ளலாம். எந்த அமைப்பை மாற்றினாலும் அது தீராது. தொடர் பார்ப்பதற்காகவே டாங்கிள் வாங்குபவருக்கு இந்த மலிவு விலை வெறும் பொய்ச் சிக்கனம்.

கேபிள்: வாங்கும் முன் கைப்பேசியைப் பாருங்கள்

டைப்-சி முனையிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் அடாப்டர் கேட்பதற்கு மிக எளிய தீர்வாகத் தெரியும். வைஃபை வேண்டாம், தாமதம் இல்லை, படம் துல்லியம். ஆனால் டைப்-சி துளை இருப்பதாலேயே அதன் வழியாகப் படம் வெளியே வந்துவிடாது. அதற்கு டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் என்ற வசதி கைப்பேசியில் இருக்க வேண்டும். இருபதாயிரம் ரூபாய்க்குள் விற்கும் பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் அது இருப்பதில்லை. நான் வீணாக்கிய கேபிளின் கதையும் இதுதான். கடைக்காரர் டைப்-சி என்றால் எல்லாவற்றுக்கும் போகும் என்றார்; வீட்டுக்கு வந்து மாட்டினால் கைப்பேசி சார்ஜ் ஏறியதே தவிர டிவி சிக்னல் இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

ஆகவே முதலில் நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் கைப்பேசி மாடலின் விவரப் பக்கத்தைத் திறந்து, யுஎஸ்பி என்ற வரியைப் பாருங்கள். அங்கே டிஸ்ப்ளேபோர்ட் என்ற சொல் இருந்தால் கேபிள் வேலை செய்யும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் USB 2.0 என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் செய்யாது. சாம்சங்கின் எஸ் வரிசையில் எஸ்8 தொடங்கி இந்த வசதி உண்டு. ஐபோன் 15, 16 வரிசைகளில் டைப்-சி வழியாகவே படம் வரும். அதற்கு முந்தைய லைட்னிங் துளை ஐபோன்களுக்குத் தனி அடாப்டர் வேண்டும். கடையில் வாங்கினால் உங்கள் கைப்பேசியையே செருகி அங்குள்ள திரையில் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். கியூஆர் குறியை ஸ்கேன் செய்து ஒரு செயலியை நிறுவச் சொல்லும் அடாப்டராக இருந்தால் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதுவும் திரையை நகலெடுக்கும் வகைதான், கம்பி இருப்பது மட்டுமே வேறுபாடு.

காஸ்டிங் ஸ்டிக்: கூடத்து டிவிக்கு என் தேர்வு

கூகுளின் குரோம்காஸ்ட் 2013-இல் வந்தது. 2024-இல் அதன் உற்பத்தியை நிறுத்துவதாக நிறுவனம் அறிவித்தது. ஆனால் அந்தத் தொழில்நுட்பம் போய்விடவில்லை. கூகுள் டிவி அல்லது ஆண்ட்ராய்டு டிவியில் இயங்கும் ஸ்டிக்குகளிலும், பல இணைய செட்டாப் பாக்ஸ்களிலும் அதே காஸ்ட் வசதி உள்ளேயே இருக்கிறது. பெட்டியின் மேல் Google Cast அல்லது Chromecast built-in என்று அச்சிட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு செட்டாப் பாக்ஸிலேயே அது இருந்தால் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

பெரியம்மா வீட்டில் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் எச்டிஎம்ஐ துளையைத் தேடினேன். அவர்கள் வீட்டு கேபிள் செட்டாப் பாக்ஸ் மூன்று வண்ண ஏவி வயரில்தான் இணைந்திருந்தது. எனவே இரண்டு எச்டிஎம்ஐ துளைகளும் காலி. சென்னையில் இன்னும் பல வீடுகளில் இப்படித்தான் இருக்கிறது. டிவி சுவரை ஒட்டி மாட்டப்பட்டிருந்ததால் ஸ்டிக் நேராகச் செருக இடமில்லை. ஸ்டிக்குடன் வந்த குட்டை நீட்டிப்பு வயரைப் போட்டேன். இந்த வயரால் இன்னொரு நன்மையும் உண்டு. டிவியின் உலோக முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஸ்டிக்குக்கு வைஃபை சிக்னல் குறையும். சற்றே வெளியே தள்ளி வைத்தால் கூடும்.

அடுத்தது மின்சாரம். டிவியின் யுஎஸ்பி துளையிலேயே ஸ்டிக்கின் வயரைச் செருகத் தோன்றும். வயர் தொங்காது, அழகாக இருக்கும். ஆனால் பழைய டிவிகளின் யுஎஸ்பி 2.0 துளை தரநிலைப்படி 500 மில்லி ஆம்பியர்தான் தரும். இத்தகைய ஸ்டிக்குகளுக்கு 5 வோல்ட்டில் ஒரு ஆம்பியராவது வேண்டும். மின்சாரம் போதாவிட்டால் ஸ்டிக் உடனே பழுதானதுபோல் காட்டாது; லோகோ வரும், முகப்புத் திரையும் வரும், வீடியோ ஓடத் தொடங்கிய சில நிமிடங்களில் மறுபடி லோகோவுக்கே திரும்பிவிடும். இந்த அறிகுறியைக் கண்டால் இணையத்தைக் குறை சொல்லாமல், பெட்டியில் வந்த அடாப்டரைச் சுவர் பிளக்கில் போடுங்கள்.

பிறகு டிவி ரிமோட்டில் Source பொத்தானை அழுத்தி, ஸ்டிக் இருக்கும் HDMI எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கைப்பேசியில் Google Home செயலியைத் திறந்து புதிய கருவியைச் சேர்க்கச் சொன்னால், டிவியிலும் கைப்பேசியிலும் ஒரே குறியீடு தெரிகிறதா என்று கேட்கும். அடுக்குமாடியில் இந்தக் கேள்வியை அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். பக்கத்து வீட்டிலும் யாராவது அதே நேரத்தில் ஸ்டிக் மாட்டிக்கொண்டிருக்கலாம். வைஃபை கடவுச்சொல்லைக் கொடுத்த பிறகு ஸ்டிக் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். அது முடியும் வரை பொறுத்திருங்கள்.

இனி யூடியூபைத் திறந்து, மேலே செவ்வகத்தின் மூலையில் மூன்று அலைகள் போட்ட காஸ்ட் குறியைத் தொட்டால் ஸ்டிக்கின் பெயர் வரும். பெரியம்மா தொட்டார், கச்சேரி டிவியில் ஓடியது, கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்தார், பாட்டு நிற்கவில்லை. “அப்போ போன் வந்தா எடுத்துப் பேசலாமாடா?” என்று கேட்டார். பேசலாம், பாட்டு தன்பாட்டுக்கு ஓடும்.

காஸ்ட் குறியே தெரியவில்லை என்றால் மூன்று காரணங்களைத் தேடுங்கள். கைப்பேசி மொபைல் டேட்டாவில் இருக்கலாம், ஸ்டிக் இருக்கும் வைஃபையில் அதுவும் சேர வேண்டும். கைப்பேசியில் விபிஎன் ஓடிக்கொண்டிருக்கலாம். அல்லது இரண்டில் ஒன்று ரௌட்டரின் விருந்தினர் வைஃபையில் இணைந்திருக்கலாம். விருந்தினர் வைஃபையில் கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி ரௌட்டர் பொதுவாகத் தடுத்துவிடும். சில ரௌட்டர்களின் முதன்மை வைஃபையிலும் AP Isolation என்ற பெயரில் இந்தத் தடை இருக்கும், அதை அணைக்க வேண்டும். யூடியூபுக்கு மட்டும் வேறொரு வழியும் உண்டு. டிவியில் உள்ள யூடியூப் செயலி காட்டும் எண்ணைக் கைப்பேசியில் உள்ளிட்டால், ஒரே வைஃபையில் இல்லாவிட்டாலும் இணைந்துவிடும்.

ஓடிடி தொடருக்கும் பல செயலிகளில் இதே குறிதான். ஆனால் சந்தாவைப் பாருங்கள். நெட்ஃபிளிக்ஸின் மொபைல் திட்டத்தைப்போலக் கைப்பேசிக்கு மட்டும் என்று விற்கப்படும் மலிவுத் திட்டங்களில் டிவியில் பார்க்க அனுமதி கிடையாது; எந்தக் கருவி வாங்கினாலும் அது மாறாது. டிவியை அனுமதிக்கும் திட்டம் இருந்தால், காஸ்ட் செய்வதைவிட ஸ்டிக்கிலேயே அந்தச் செயலியை நிறுவி அதன் ரிமோட்டில் பார்ப்பது வயதானவர்களுக்கு எளிது. பெரியப்பா இப்போது அப்படித்தான் பார்க்கிறார்.

சொந்தமாக எடுத்த வீடியோ: பெரிய கோப்பின் கதை

நிச்சயதார்த்த வீடியோவில்தான் இவையெல்லாம் தடுமாறின. ஐபோனில் 4கே தரத்தில் நொடிக்கு 30 ஃப்ரேம் வேகத்தில் எடுத்த 42 நிமிடப் பதிவு. இந்த அமைப்பில் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 170 எம்பி ஆகும். ஆக மொத்தம் 7 ஜிபிக்கு மேல். விஎல்சி செயலியிலிருந்து ஸ்டிக்குக்கு அனுப்பினேன். தாம்பூலம் மாற்றும் காட்சி வரை ஓடி, நின்று, சுற்றி, மறுபடி ஓடியது.

பிராட்பேண்ட் வேகத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை, ஏனெனில் இந்த வீடியோ இணையத்துக்குப் போவதே இல்லை. கைப்பேசியிலிருந்து ரௌட்டருக்கும், ரௌட்டரிலிருந்து ஸ்டிக்குக்குமாக ஒரே வைஃபை அலையில் இரண்டு முறை பயணிக்கிறது. நிமிடத்துக்கு 170 எம்பி என்றால் நொடிக்கு ஏறத்தாழ 23 மெகாபிட். இரண்டு முறை என்றால் 46. ஸ்டிக் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இருந்தது. மாம்பலம் போன்ற நெருக்கமான அடுக்குமாடிகளில் அந்த அலைவரிசையில் அக்கம்பக்கத்துப் பத்துப் பதினைந்து ரௌட்டர்கள் ஒன்றன்மேல் ஒன்று பேசிக்கொண்டிருக்கும். அங்கே 46 மெகாபிட்டைத் தொடர்ந்து எதிர்பார்ப்பது ரங்கநாதன் தெருவில் தீபாவளி வாரத்தில் சைக்கிள் ஓட்டுவது போலத்தான். ரௌட்டரும் டிவியும் ஒரே கூடத்தில் இருந்ததால் ஸ்டிக்கையும் கைப்பேசியையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன். பெரும்பாலான இடங்களில் தடங்கல் போனது. ரௌட்டர் இரண்டு சுவர்களுக்கு அப்பால் இருக்கும் அறையில் 5 கிகாஹெர்ட்ஸ் இதே அளவு உதவாது, அது கான்கிரீட்டை எளிதில் ஊடுருவாது.

ஆனால் இத்தகைய வீடியோவுக்கு நான் கடைசியில் நின்ற வழி பென் டிரைவ்தான். டிவியின் யுஎஸ்பி துளை இருப்பதே அதற்காக. அங்கும் இரண்டு இடங்களில் தடுக்கும். பழைய டிவிகள் பல, பென் டிரைவை எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்திருந்தால்தான் படிக்கும். அந்த முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. இரண்டாவதாக, ஐபோனும் பல புதிய ஆண்ட்ராய்டு கைப்பேசிகளும் எச்இவிசி என்ற சுருக்க முறையில் பதிகின்றன. 2014 டிவி அதை அறியாது. கோப்பின் பெயர் பட்டியலில் தெரியும், திறந்தால் ஆதரவில்லை என்று சொல்லும், அல்லது ஒலி மட்டும் வரும்.

இரண்டையும் ஒரே கட்டளை தீர்த்தது. மடிக்கணினியில் வீடியோவை வேறு முறைக்கு மாற்றும் எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளை நிறுவி இதை ஓட்டினேன்:

```
ffmpeg -i nichayam.mov -vf scale=-2:720 -c:v libx264 -crf 20 -pix_fmt yuv420p -c:a aac nichayam.mp4
```

இது படத்தின் உயரத்தை 720 வரிகளாகக் குறைத்து, பழைய டிவிகள் அறிந்த எச்.264 முறைக்கு மாற்றுகிறது. திரையே 768 வரிகள்தான் என்பதால் கண்ணுக்கு எந்த இழப்பும் தெரியாது. கோப்பு 1.3 ஜிபிக்கு வந்தது, பென் டிரைவில் ஏறியது, தடங்கல் இல்லாமல் ஓடியது. அடுத்த விசேஷத்துக்கு முன்னால் இந்த வேலையே வராமல் தடுக்கலாம். ஐபோனின் கேமரா அமைப்புகளில் Formats என்பதில் Most Compatible என்று வைத்து, 1080 தரத்தில் எடுக்கச் சொல்லுங்கள். எச்டிஆர் பதிவையும் அணைத்துவிடுங்கள். அதை மேற்சொன்ன கட்டளையால் மாற்றினால் பட்டுப்புடவையின் நிறங்கள் வெளுத்துத் தெரியும்.

படம் வந்த பிறகும் இருக்கும் சில்லறைக் குறைகள்

படத்தின் நான்கு ஓரமும் சற்று வெட்டுப்பட்டு, வசனவரியின் கீழ்ப்பாதி காணாமல் போனால், அது டிவி தானாகப் படத்தைப் பெரிதாக்குவதால் வருவது. டிவியின் படஅளவு அமைப்பில் Just Scan அல்லது Screen Fit என்பதைத் தேர்ந்தெடுங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் மாறும். படம் வந்து ஒலி மட்டும் வரவில்லை என்றால், ஸ்டிக்கின் ஒலி அமைப்பில் டால்பியை அணைத்து PCM அல்லது ஸ்டீரியோ என்று வையுங்கள்.

எச்டிஎம்ஐயே இல்லாத பழைய பிக்சர் ட்யூப் டிவி என்றால், எச்டிஎம்ஐயிலிருந்து ஏவிக்கு மாற்றும் சிறு பெட்டி ஒன்றை இடையில் வைக்கலாம். வாங்கும்போது அம்புக்குறி எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். ஏவியிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் பெட்டியும் அதே வடிவில், அதே நிறத்தில், பக்கத்திலேயே அடுக்கப்பட்டிருக்கும். அது எதிர்த்திசையில் வேலை செய்யாது. இந்தப் பெட்டிக்கும் தனி யுஎஸ்பி மின்சாரம் வேண்டும். படம் பழைய கேபிள் டிவியின் தரத்துக்கே இறங்கிவிடும், ஸ்டிக்கின் சின்ன எழுத்துகள் கலங்கித் தெரியும். தேடுவதையெல்லாம் கைப்பேசியிலேயே தேடிவிட்டு, பார்ப்பதை மட்டும் டிவிக்கு அனுப்பினால் சமாளிக்கலாம்.